அவதி, தவிப்பு, இக்கட்டு, அவலம், அவசரநிலை: தில்லி வெள்ளச் செய்திகளில் துன்பச் சொற்களின் வேலை

தில்லியின் துவாரகாவில் பெருமழை கொட்டும் நாளில் என்ன நடக்கும் என்பது அங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். சுரங்கப்பாதையில் நீர் நிற்கும். செக்டர் சாலைகளில் வண்டிகள் ஊர்ந்து போகும். அடுக்ககத்தின் அடித்தளத்தில் நிறுத்திய கார்களை அவசரமாக மேலே ஏற்றுவார்கள். மாலைக்குள்ளோ மறுநாளோ நீர் வடிந்துவிடும். அதே தென்மேற்கு மாவட்டத்தில், நஜஃப்கருக்கு அப்பால் உள்ள ஜரோடா கலானில், 2025 செப்டம்பர் முதல் வாரத்தில் நடந்தது வேறு. அரியானாவிலிருந்து வரும் முங்கேஷ்பூர் வாய்க்காலின் கரை உடைந்தது. கீதாஞ்சலி என்க்ளேவ் குடியிருப்புக்குள் வெள்ளம் புகுந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படை படகுகளைக் கொண்டுவந்து மக்களை வெளியேற்றியது. 2000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டதாகச் செய்திகள் கூறின.

இந்த இரண்டையும் ‘மழையால் மக்கள் அவதி’ என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடத் தமிழ்ச் செய்தி மொழியில் இடமுண்டு. ஒரே செய்திக்குள் முதல் பத்தியில் ‘அவதி’, அடுத்ததில் ‘அவலம்’, மூன்றாவதில் ‘நெருக்கடி’ என்று, ஒரு சொல் திரும்ப வரக் கூடாது என்பதற்காகவே மாற்றி மாற்றி எழுதும் பழக்கமும் உண்டு. இச்சொற்களை ஒன்றுக்கு ஒன்று மாற்றாகக் கொள்ள முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒவ்வொன்றும் தான் ஏற்கும் இலக்கண அமைப்பின் வழியாகவே ஒரு தகவலைக் கேட்டு நிற்கிறது. அந்தத் தகவலைத் திரட்டாத செய்தியாளர் அச்சொல்லைக் கையாளும்போது, தாம் சரிபார்க்காத ஒன்றை வாசகரிடம் உறுதிசெய்துவிடுகிறார்.

தலைப்புகளில் இச்சொற்கள் எப்படி அமைகின்றன என்று பார்த்தாலே இது விளங்கும். ‘அவதி’ பெரும்பாலும் காரணத்தைச் சுட்டும் ‘ஆல்’ உருபோடு வரும்: மழையால் அவதி, நெரிசலால் அவதி. காரணம் நீங்கினால் அவதியும் நீங்கும் என்ற எதிர்பார்ப்பு அதில் அடங்கியிருக்கிறது. ‘தவிப்பு’ ஓர் இல்லாமையைக் கேட்கும்: குடிநீரின்றித் தவிப்பு, மின்சாரமின்றித் தவிப்பு. எது இல்லை என்று சொல்லாமல் தவிப்பு என்று மட்டும் எழுதினால் வாக்கியம் குறையாக நிற்கும். ‘தத்தளிப்பு’ இடத்தைக் கேட்கும்: வெள்ளத்தில் தத்தளிப்பு. ‘இக்கட்டு’ என்பதில் ஒருவர் சிக்குகிறார். போவதற்கு இரண்டு வழி இருந்து, இரண்டுமே இழப்பில் முடியும்போதுதான் அச்சொல் பொருந்தும். ‘அவலம்’ பெயரெச்சத்தை முன்னிறுத்தும்: இடுப்பளவு நீரில் நோயாளியைத் தூக்கிச் செல்லும் அவலம், சுடுகாட்டுக்குப் பாதை இல்லாத அவலம். அப்படிச் சொல்லும்போது, இது நடந்திருக்கக் கூடாது, தடுத்திருக்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்ற குற்றச்சாட்டும் உடன் வருகிறது. ஆகவே அவதிக்குக் காரணமும், தவிப்புக்கு இல்லாத பொருளும், இக்கட்டுக்கு இரண்டு வழிகளும், அவலத்துக்குப் பொறுப்பாளியும் செய்தியில் இருந்தாக வேண்டும்.

முங்கேஷ்பூர் உடைப்பை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். முதலில் நீரின் போக்கு. முங்கேஷ்பூர் வாய்க்கால் நஜஃப்கர் வாய்க்காலில் சேர்கிறது. ஒரு காலத்தில் சாஹிபி ஆறாக இருந்த நஜஃப்கர் வாய்க்கால், தான்சாவில் தொடங்கி ஏறத்தாழ 57 கிலோமீட்டர் ஓடி வஜீராபாத் அருகே யமுனையில் கலக்கிறது. துவாரகாவின் மழைநீரும் கடைசியில் இதே வாய்க்காலைத்தான் நம்பியிருக்கிறது. யமுனை உயர்ந்து நிற்கும் நாட்களில் வாய்க்கால்கள் தம் நீரை ஆற்றில் இறக்க முடியாமல் போகும்; ஆற்று நீர் நகருக்குள் ஏறாதபடி முகத்துவார மதகுகளை அடைத்தாலும் வாய்க்கால் நீர் பின்னோக்கித் தேங்கும். அந்த வாரத்தில் பழைய ரயில்வே பாலத்தில் யமுனை 207.48 மீட்டர் வரை உயர்ந்திருந்தது. எனவே கரை உடைந்த இடத்தில் மட்டும் நின்று பார்ப்பவருக்குக் காரணத்தின் பாதிதான் தெரியும்.

கரை உடைந்த முதல் சில மணி நேரத்துக்குப் பொருந்துவது அவசரம். அப்போது முடிவெடுக்கக் கிடைக்கும் நேரமே அளவு; படகு எத்தனை, எத்தனை வீடு, இருட்டுவதற்கு எவ்வளவு நேரம் என்பவையே செய்தி. படகு வாசலுக்கு வந்தபின் கதை மாறுகிறது. தரைத்தளத்தில் நீர் நிற்க, மாடிக்கு ஏறிய குடும்பம் ஒன்று வெள்ள இடங்களில் எங்கும் எதிர்கொள்ளும் கேள்வி இது: படகில் ஏறிப் போனால் வீட்டுப் பொருளுக்குக் காவல் இல்லை, இருந்தால் குடிநீரும் மின்சாரமும் இல்லை. இதுதான் இக்கட்டு. வெளியேற மறுத்தவர்களை ‘பிடிவாதம் பிடித்தனர்’ என்று எழுதும் செய்தியாளர் இக்கட்டைக் காணத் தவறியவர். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருந்தால், இரண்டாவது வழி என்ன விலை கேட்டது என்று அவர் விசாரித்தே ஆகியிருப்பார்.

இக்கட்டுக்கு 2023 டிசம்பரில் தென்தமிழகம் ஒரு தெளிவான சான்று தந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்த நாட்கள் அவை. திருச்செந்தூரிலிருந்து 17ஆம் தேதி இரவு புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்தின் அடியில் ஜல்லி அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதில் சுமார் 800 பயணிகள் இருந்தார்கள். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள்; பிறகு சாலையும் துண்டிக்கப்பட, மற்றவர்கள் ரயிலிலும் நிலையத்திலுமே இருந்தார்கள். 19ஆம் தேதிதான் அவர்கள் மீட்கப்பட்டார்கள். உணவின்றித் தவித்தார்கள் என்று எழுதலாம், அது உண்மை. ஆனால் ரயிலை வெள்ளத்துக்குள் ஓட்டாமல் நிறுத்தியதுதான் அவர்கள் உயிரைக் காத்தது என்பதும் உண்மை. நிறுத்தியதால் சிக்கினார்கள், ஓட்டியிருந்தால் மாண்டிருப்பார்கள்: இந்த இரண்டையும் ஒருசேரத் தாங்கும் சொல் இக்கட்டு ஒன்றுதான். ‘அவலம்’ என்று எழுதியிருந்தால் நிறுத்தியவர் மேல் பழி விழுந்திருக்கும்.

‘அவசரநிலை’ பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். இந்தியத் தமிழ் வாசகருக்கு நெருக்கடி நிலை, அவசரநிலை ஆகிய இரண்டுமே 1975 முதல் 1977 வரையிலான காலத்தின் பெயர்கள். ‘வெள்ள நெருக்கடி’ என்றால் குழப்பமில்லை. பின்னால் ‘நிலை’ என்ற சொல் ஒட்டியதும் அரசு எதையோ பிரகடனம் செய்துவிட்டது என்ற பொருள் வந்துவிடுகிறது. இலங்கைத் தமிழருக்கு ‘அவசரகாலச் சட்டம்’ இன்னும் கனமான நினைவு. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வெள்ளத்தின்போது இலங்கை அரசு உண்மையிலேயே அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. அங்கே அச்சொல் சட்டப்படியான ஒரு செயலின் பெயர். தில்லி வெள்ளத்தில் அப்படி எந்தப் பிரகடனமும் கிடையாது. ‘தில்லியில் அவசரநிலை’ என்று தமிழில் தலைப்பிட்டால், நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்னதாகிவிடும்.

சட்டத்தின் சொல் ‘பேரிடர்’. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் அதை வரையறுக்கும்போது இயற்கையாலோ மனிதச் செயலாலோ விபத்தாலோ கவனக்குறைவாலோ நேர்வது என்று காரணங்களை விரிவாக ஏற்கிறது. பாதிக்கப்பட்ட பகுதி மக்களின் சமாளிக்கும் திறனை மிஞ்சியதாக அது இருக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாக்குகிறது. துவாரகா சுரங்கப்பாதை நீர் இந்த நிபந்தனையில் தேறாது. கீதாஞ்சலி என்க்ளேவ் தேறும், ஏனெனில் வெளியிலிருந்து படகு வந்தால்தான் வெளியேற முடிந்தது. கவனக்குறைவும் காரணப் பட்டியலில் இருப்பதைச் செய்தியாளர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம். ‘இயற்கைப் பேரிடர்’ என்று அடைமொழி சேர்த்து எழுதிய கணமே, கரையைப் பராமரித்தவர் யார் என்ற கேள்வியைச் செய்தியே மூடிவிடுகிறது. அதேபோல் ‘தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும்’ என்ற கோரிக்கை 2023 டிசம்பரில் தமிழகத்திலிருந்து எழுந்தது. அப்படி அறிவிக்கும் வழக்கமே இல்லை என்று ஒன்றிய நிதியமைச்சர் பதிலளித்தார். நடைமுறையில் இருப்பது ‘கடுமையான தன்மையுள்ள பேரிடர்’ என்ற வகைப்பாடு. 2018 கேரள வெள்ளம் அவ்வாறுதான் வகைப்படுத்தப்பட்டது. இந்த வேறுபாட்டை விளக்காத செய்தியைப் படித்தவர் இரு தரப்பில் எதையும் எடைபோட முடியாது.

அவசரம் என்று எப்போது எழுதலாம் என்பதற்குத் தில்லியில் கைக்கெட்டிய அளவை ஒன்று இருக்கிறது. பழைய ரயில்வே பாலத்தில் எச்சரிக்கை அளவு 204.50 மீட்டர், அபாய அளவு 205.33, மக்களை வெளியேற்றத் தொடங்கும் அளவு 206. இவை கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுபவை. ‘207 மீட்டர் உயரத்துக்கு வெள்ளம்’ என்று எழுதுவது பிழை. அபாய அளவுக்கும் வெளியேற்ற அளவுக்கும் இடையே 67 சென்டிமீட்டர்தான். ஆனால் ‘அபாயம்’ என்ற சொல்லிலிருந்து ‘அவசரம்’ என்ற சொல்லுக்குச் செய்தி நகர வேண்டிய இடம் அதுதான். 2023 ஜூலை 13 அன்று யமுனை 208.66 மீட்டரைத் தொட்டு, 1978இன் 207.49 என்ற உச்சத்தைக் கடந்தது. வஜீராபாத், சந்திராவல், ஓக்லா குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. அப்போது ஆற்றங்கரையில் அவசரம், நகரெங்கும் குடிநீருக்குத் தவிப்பு. ஒரே நாள், ஒரே வெள்ளம், இரண்டு சொற்கள். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு.

நீர் வடிந்தபின் வரும் நாட்களுக்கு எந்தச் சொல் என்பதில்தான் செய்தி மொழி மிகவும் தடுமாறுகிறது. 2023இல் யமுனைச் சமவெளியில் குடிசை போட்டு விவசாயம் செய்தவர்கள் மயூர் விஹார் மேம்பாலத்தின் அடியிலும் சாலையோரத்திலும் கூடாரங்களில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி ‘அவலநிலை’ என்று எழுதி முடித்துவிடுவது எளிது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைப் பிரித்துக் காட்டுகிறது: பிறரால் இகழப்படும் இளிவு, உடையதை இழக்கும் இழவு, முன்பிருந்த நிலையிலிருந்து தாழும் அசைவு, வறுமை. வெள்ளச் செய்திக்கு இதைவிடக் கூர்மையான கேள்விப் பட்டியல் எனக்குத் தெரியவில்லை. கூடாரத்தில் இருப்பவர் வெள்ளத்துக்கு முன்பே வறியவராக இருந்தாரா, அல்லது நெல்லும் மாடும் போனதால் வறியவரானாரா? நிவாரணப் பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டாரா? முதல் கேள்வி வறுமையையும் இழவையும் பிரிக்கிறது. இரண்டாவது இளிவைத் தொடுகிறது. ஆற்றுப்படுகையில் குடியிருந்தவருக்குப் பெரும்பாலும் நில ஆவணம் இருக்காது. ஆவணம் இல்லாதவரின் இழப்பைக் கணக்கில் கொண்டுவருவது கடினம். ‘அவலம்’ என்ற சொல் அங்கே பொருந்துவது அந்தக் கணக்கை எழுதிய கையை நோக்கித்தான். அதைச் சொல்லாமல் கூடாரத்தின் சேற்றை மட்டும் வருணிக்கும் செய்தி அச்சொல்லின் பாதியை விட்டுவிடுகிறது.