பக்கத் தையலுக்கு வெளியே ஒரு கோடு

ஒட்டன்சத்திரத்து வீட்டில் அம்மா வைத்திருந்த அமெரிக்க ரவிக்கை மாதிரித் தாளில் இன்று என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு புகைப்படம்தான். எண்கள் மங்கிவிட்டன, குறிகள் தெரிகின்றன.

அவற்றுள் மூத்தவை ஓரத்து வெட்டுக்குறிகள். 1863இல் பட்டரிக் காகித மாதிரிகளை விற்கத் தொடங்கியபோது தாளில் அச்சு இல்லை. வெட்டுக்குறிகளும் துளைகளுமே பேசின. கைக்குழியில் ஒற்றைக் குறி முன்பக்கம், இரட்டைக் குறி பின்பக்கம். கைத்துணியிலும் அதே குறிகள் இருக்கும். பொருத்தாமல் தைத்தால் கை திரும்பிவிடும்.

நடுவிலுள்ள நீண்ட அம்பு துணியின் கரைக்கு இணையாகக் கிடக்க வேண்டும். சாய்ந்தால் துவைத்தபின் ரவிக்கை முறுக்கிக்கொள்ளும்.

ஓரத்தை நோக்கி வளைந்த அம்பு மடிப்பைச் சொல்கிறது: வரைந்திருப்பது பாதி உடல்தான்.

அளவை எப்படி அறிவது? இத்தகைய தாள்களில் தையலுக்கு விடும் இடம் வழக்கமாக 5/8 அங்குலம். படத்தில் அது 5 மில்லிமீட்டர். மடிப்பிலிருந்து பக்கத் தையல்வரை மார்பகலம் 72. கணக்கிட்டால் 9 அங்குலம், விரித்தால் முன்பக்கம் 18. படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் இந்தக் கணக்கு தவறும்.

பக்க ஓரத்துக்கு வெளியே பென்சிலில் இன்னொரு கோடு, ஏறக்குறைய ஓர் அங்குலம் தள்ளி. பிள்ளை பெற்றபின் பிரித்துவிட்டுக்கொள்ள அம்மா விட்ட துணி அது. அச்சடித்த தாள் மாறாத உடலுக்கு வரையப்பட்டது. அம்மா தன் உடலுக்கு வரைந்தாள்.