ஐந்தாம் அடியிலே பிறக்கும் நகை

ஆங்கிலத்தில் லிமரிக் என்று வழங்கும் சிறு பாட்டு ஐந்தே அடிகளைக் கொண்டது. முதலாம், இரண்டாம், ஐந்தாம் அடிகள் மும்மூன்று அழுத்தங்கள் பெற்று ஓர் ஓசையில் முடியும். மூன்றாம், நான்காம் அடிகள் இவ்விரண்டு அழுத்தங்களோடு குறுகி, வேறோர் ஓசையில் முடியும். இவ்வளவே அதன் இலக்கணம். எனினும், இந்த ஐந்து அடிகளுள் சிரிப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை ஆங்கிலப் புலவர்கள் கண்டுகொள்வதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. அவ்வரலாறே ஈண்டு கூறப்படுவது.

இவ்வடிவத்தில் அமைந்த சிறுவர் பாட்டு நூல்கள் 1820ஆம் ஆண்டளவில் இலண்டனில் அச்சாயின. அவற்றால் ஊக்கம் பெற்றவர் எட்வர்ட் லியர் என்னும் ஓவியர். 1812இல் பிறந்த இவர், டார்பிப் பிரபுவின் மாளிகையிலே பறவைகளையும் விலங்குகளையும் வரைந்து வந்தார். அங்கிருந்த சிறுவர்களை மகிழ்விக்க இவர் எழுதிய பாட்டுக்கள், அவர் வரைந்த வேடிக்கைச் சித்திரங்களோடு 1846இல் நூலாக வெளிவந்தன. பிற்காலத்தில் இந்தியாவிலே பயணஞ் செய்த இவர், 1874இல் இலங்கைக்கும் வந்து சென்றார்.

லியருடைய பாட்டை இன்று படிப்போர் ஒன்றைக் கண்டு வியப்பர். அவருடைய ஐந்தாம் அடி பெரும்பாலும் புதிய சொல்லில் முடிவதில்லை. முதலடியின் ஈற்றில் வந்த ஊர்ப்பெயரே திரும்பவும் வந்து நிற்கும். அதற்கு முன்னே விசித்திரமான ஓர் அடைமொழி மட்டும் புதிதாகச் சேரும். பாட்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும். இதனைக் குறையென்று கொள்ளலாகாது. லியரின் பாட்டுக்குப் பக்கத்திலே படம் இருந்தது. நகையிற் பெரும்பங்கைப் படம் சுமந்தமையால், ஐந்தாம் அடி கதவை மெல்லச் சாத்தினாற் போதுமாயிருந்தது.

படமின்றி, வாயினாற் சொல்லப்படும் பாட்டாக இது பரவியபோது நிலைமை மாறியது. கேட்பவன் ஐந்தாம் அடியிலே பழைய சொல்லையே கேட்டால் ஏமாற்றமடைவான். ஆகவே, முந்திய இரண்டு சொற்களோடு ஓசையில் ஒத்து, பொருளில் எதிர்பாராத மூன்றாம் சொல் ஒன்று அவ்விடத்துக்கு வேண்டியதாயிற்று. குறுகிய இரண்டு அடிகளின் பயனும் அப்போதுதான் தெளிவாகியது. அவை கதையை விரைவுபடுத்துகின்றன. அதே வேளையில் முதல் ஓசை திரும்பி வருவதைத் தாமதப்படுத்துகின்றன. செவி அவ்வோசைக்காகக் காத்திருக்கின்றது. காத்திருக்கும் செவிக்கே வியப்பு உண்டாகும்.

இக்காத்திருப்பின் வலிமையை டபிள்யூ. எஸ். கில்பர்ட் எதிர்மறையாற் காட்டினார் என்பர். லியரைப் பகடி செய்த ஒரு பாட்டிலே, ‘தேனீக்கள்’ என்ற பொருளும் தோன்றும் ஓர் ஊரின் பெயரை முதலடியின் ஈற்றில் வைத்தார். அவ்வூர்க் கிழவரைக் குளவி கொட்டுகின்றது. அடுத்து வரும் எந்த ஈற்றுச் சொல்லும் மற்றொன்றோடு ஒத்திசைக்கவில்லை. ஓசை வரும் வரும் என்று காத்திருந்த செவி ஏமாறுவதே அங்கு நகையாகின்றது. லிமரிக்கின் ஓசைக்குப் பழகாத ஒருவருக்கு அது வெறும் உரைநடையாகவே தோன்றும்.

1907ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பத்திரிகைகள் முதல் நான்கு அடிகளைத் தாமே அச்சிட்டு, ஐந்தாம் அடியை மட்டும் எழுதியனுப்புமாறு போட்டிகள் நடத்தின. நுழைவுக் கட்டணம் செலுத்த மக்கள் வாங்கிய ஆறு பென்ஸ் அஞ்சற் கட்டளைகளின் விற்பனை பன்மடங்கு பெருகியது. பாட்டின் பெறுமதி முழுவதும் கடைசி அடியிலேதான் என்பதை அப்போது யாவரும் அறிந்திருந்தனர்.

தமிழ்ச் செவிக்கு இவ்வடிவத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் யாப்பில் எதுகையும் மோனையும் அடியின் முதற்கண் நிற்பன. ஈற்றில் ஒத்து வருவது இயைபு. அது நமக்குப் புதிதன்று, ஆயினும் மிக எளிது. வினைமுற்றுக்கள் பலவும் ‘ஆன்’, ‘ஆர்’ என முடிவதால், இலக்கணமே இயைபைத் தந்துவிடுகின்றது. எளிதிற் கிடைத்த ஓசையில் வியப்பில்லை. எடுத்துக்காட்டாக இயற்றப்பட்ட பின்வரும் பாட்டைக் காண்க:

ஊரறிந்த சைவரவர் ஊர்மன்னார்;
ஒருபோதும் மச்சவகை தின்னார்;
தொண்டையிலே முள்குத்தி,
தோழர்வர வாய்பொத்தி,
கத்தரிக்காய் முள்ளென்று சொன்னார்.

கதை நன்று, ஓசையும் பிழையன்று. ஆயினும் சிரிப்பு வருமிடத்தில் தளர்ந்துவிடுகின்றது. காரணம் யாது? நகைக்குரிய சொல் ‘கத்தரிக்காய்’. அது ஐந்தாம் அடியின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அதன்பின் வரும் ‘என்று சொன்னார்’ என்பது சிரித்து முடித்தவனிடம் மீண்டும் கதை சொல்வது போன்றது. தமிழில் வினைமுற்று இறுதியில் வருவது இயல்பாதலால், இத்தவறு தானாகவே நேர்ந்துவிடும். மேலும், ‘தின்னார்’ என்பதைக் கேட்டவுடனே அதையொத்த இன்னொரு வினைமுற்று வரப்போகின்றது என்று செவி ஊகித்துவிடுகின்றது.

திருத்தும் வழி, கடைசிச் சொல்லை முதலில் தேர்ந்துகொள்வதே. ‘கத்தரிக்காய்’ ஈற்றில் நிற்க வேண்டுமாயின், முதலிரண்டு அடிகளும் ‘க்காய்’ என்று முடியவேண்டும். அங்கே வேறு காய்களை வைத்தால் மூன்றாவது காயை எவரும் எதிர்பார்த்துவிடுவர். ‘பேருக்காய்’, ‘ஊருக்காய்’ என்று வேற்றுமை கொண்ட சொற்களை வைத்தால், காய் ஒன்று வருமென்ற எண்ணமே எழாது:

மன்னாரில் ஒருசைவர் பேருக்காய்;
மச்சத்தைத் தொட்டறியார் ஊருக்காய்;
தொண்டையிலே முள்குத்தி,
தோழர்வர வாய்பொத்தி,
சொன்னாராம், “பொல்லாத கத்தரிக்காய்!”

இங்கே வினை முன்னே சென்றுவிட்டது. காய் இறுதிக்கு வந்துவிட்டது. மீன் என்ற சொல் பாட்டில் எங்கும் இல்லை. முள்ளையும் காயையும் பொருத்திப் பார்த்து அதனைக் கண்டுபிடிக்கும் வேலை கேட்பவருக்கே விடப்பட்டது. ‘சொன்னாராம்’ என்றபின் ஒரு கணம் நிறுத்திப் படித்தால், தாமதமும் தன் பங்கைச் செய்யும். அதிக நேரம் நிறுத்தினாலோ கேட்பவர் விடையைத் தாமே சொல்லிவிடுவர்.

இறுதியிலே தாக்கும் இம்முறை தமிழ்ப் புலவர் அறியாததன்று. வெண்பாவின் ஈற்றடி ஏனைய அடிகளிலும் ஒரு சீர் குறைந்து, நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் சட்டென்று முடிகின்றது. காளமேகம் அவ்விடத்தின் பயனை நன்கறிந்தவர். இரட்டையருள் ஒருவர் பாடலைத் தொடங்க மற்றவர் முடித்தார் என்ற வழக்கும், முடிவிலேதான் புலமையின் சோதனை உண்டென்பதையே உணர்த்துகின்றது.

பாட்டுச் சிரிக்கவைக்கவில்லையெனில், எழுதியவர் ஐந்தாம் அடியின் கடைசிச் சொல்லை விரலால் மறைத்துவிட்டு மற்றவற்றை ஒருவருக்குப் படித்துக் காட்டலாம். அவர் அப்போதே சிரித்தால் சொல் பிந்தி நிற்கின்றது. மறைந்த சொல்லை அவர் தாமே கூறிவிட்டால் இயைபு மலிவானது. விரலை எடுத்தபின் அவர் பொருள் கேட்டால் முன்னைய நான்கு அடிகளிலே குறை உண்டு. விரலை எடுத்தவுடன் அவர் நகைத்தால், அப்பாட்டை அதற்குமேல் திருத்த வேண்டியதில்லை.