லே ஏன் செ ஆகிறது? ஸ்பானிஷின் ஒரு சின்ன விதிக்குப் பின்னால் இருக்கும் கதை

இந்த எபிசோட் முழுக்க இரண்டு எழுத்துள்ள ஒரு ஸ்பானிஷ் சொல்லைப் பற்றியது. ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் இரண்டாவது மூன்றாவது மாதத்தில் இந்தச் சொல்லில் தடுக்கி விழுந்திருப்பீங்க. கற்காதவர்களும் தாராளமா கேட்கலாம், தேவையான ஸ்பானிஷை இங்கேயே சொல்லிடறேன்.

முதலில் விதி. "அதை" என்பதற்கு ஸ்பானிஷில் லோ. "அவனுக்கு", "அவளுக்கு" இரண்டுக்கும் லே. இந்தக் குட்டிச் சொற்கள் வினைக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். "தி" என்றால் கொடுத்தேன். ஆகவே லோ தி என்றால் அதைக் கொடுத்தேன், லே தி என்றால் அவனுக்குக் கொடுத்தேன். இரண்டும் சேர்ந்து வந்தால் "யாருக்கு" முதலில், "எதை" அடுத்து. "எனக்கு அதைக் கொடுத்தான்" என்பது மே லோ தியோ. "உனக்கு அதைக் கொடுத்தேன்" என்பது தே லோ தி. இதே கணக்குப்படி "அவனுக்கு அதைக் கொடுத்தேன்" என்பது லே லோ தி என்றுதானே வரணும்? வராது. செ லோ தி என்றுதான் வரும். லே போய் செ உட்கார்ந்துடுது.

ஏன் என்று கேட்டால் பெரும்பாலான வகுப்புகளில் கிடைக்கும் பதில் இது: "லே லோ என்று அடுத்தடுத்து ல வந்தால் காதுக்கு நல்லா இல்லை, அதனால மாத்திட்டாங்க." கேட்க நம்பும்படிதான் இருக்கு. ஆனா இதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கு. ஸ்பானிஷ்காரர்கள் நிஜமாவே லே லோ என்ற ஒலியைத் தவிர்க்கிறாங்களா என்று பார்ப்போம்.

தீலே லோ கே கியேராஸ். "நீ என்ன வேணுமோ அவனிடம் சொல்லு" என்று அர்த்தம். தினமும் புழங்கும் வாக்கியம். இதில் லே, லோ பக்கத்துப் பக்கத்தில் நிற்குது, யாருடைய காதும் உறுத்தலை. பாராலேலோ என்றால் இணைகோடு. அதுக்குள்ளேயும் லேலோ இருக்கு. லேலோ என்றே ஒரு தனிச் சொல்லும் உண்டு, அசடு என்று பொருள். ஒலி பிடிக்காமல் மாற்றினார்கள் என்றால் இதையெல்லாம் ஏன் விட்டுவைத்தார்கள்? ஆகவே காரணம் காதில் இல்லை, வரலாற்றில் இருக்கு.

லத்தீனில் இருந்து தொடங்குவோம்

லத்தீனில் "அவனுக்கு" என்பது இல்லீ. "அவனை" அல்லது "அதை" என்பது இல்லும். "அவனுக்கு அதை" என்று சேர்த்துச் சொன்னால் இல்லீ இல்லும். பேச்சில் இவை அழுத்தமில்லாத சொற்கள், வினையோடு சேர்ந்து வேகமாக ஓடிவிடும். அப்படி ஓடும்போது முதலில் உள்ள இ உதிர்ந்துபோச்சு, கடைசி ம் ஏற்கனவே போயிருந்தது. மிச்சம் இருந்தது கிட்டத்தட்ட லி எலோ.

இப்போ கவனிக்க வேண்டிய இடம். லி தனியாக நின்ற வாக்கியங்களில் அது மெல்ல லே ஆச்சு. இன்றைய லே அதுதான். ஆனா எலோ பின்னால் வந்தபோது லியில் இருந்த இ ஒரு உயிரெழுத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டது. வேகமாகச் சொல்லிப் பாருங்க: லி எலோ, லியெலோ. ல-வும் ய-வும் கலந்த ஒரு ஒலி பிறக்கும்.

அந்தக் கலப்பொலி காஸ்தீலிய ஸ்பானிஷில் என்ன ஆச்சு என்பது நமக்கு நல்லாத் தெரியும், ஏன்னா வேறு பல சொற்களிலும் அது நடந்திருக்கு. மகன் என்பதற்கான லத்தீன் சொல் ஃபீலியும், பழைய ஸ்பானிஷில் ஃபிஜோ ஆச்சு. பெண் என்பதற்கான முலியேரெம், முஜேர் ஆச்சு. நான் ஜ என்று சொல்வது நம்ம ராஜாவில் வரும் வல்லின ஜ இல்லை. டெலிவிஷன் என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது நடுவில் வரும் மெதுவான ஒலி. அதே பாதையில் லியெலோவும் போய் ஜெலோ ஆச்சு.

இடைக்கால ஸ்பானிஷ் நூல்களைத் திறந்தால் இந்த ஜெலோதான் இருக்கும். 1200ஐ ஒட்டிய எல் சித் காவியத்தில் "அவனுக்கு அதை" என்று வரவேண்டிய இடங்களில் ஜெலோ. ஜி எழுத்தில் தொடங்கி எழுதியிருப்பாங்க. அந்தக் காவியத்தில் வினைக்குப் பின்னாலும் அது வரும், ஏன்னா அப்போது இந்தக் குட்டிச் சொற்களால் வாக்கியத்தைத் தொடங்க முடியாது. சாதாரண வினைக்கு எப்பவும் முன்னால்தான் என்ற கட்டுப்பாடு பின்னால் வந்தது. கட்டளையில் பழைய இடம் இன்னும் இருக்கு: தாசேலோ, "அவனுக்கு அதைக் கொடு".

ஆக, லே லோ என்று முதலில் இருந்து, பிறகு யாரோ லேயை எடுத்துவிட்டு செ போட்டார்கள் என்பது நடந்த கதையே இல்லை. காஸ்தீலியத்தின் நேர்வழியில் லே லோ என்ற கட்டம் வரவேயில்லை. லேயும் ஜெயும் ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள். ஒன்று தனியாக வளர்ந்தது, மற்றது லோவோடு ஒட்டி வளர்ந்தது.

பக்கத்து மொழிகளும் இதைத்தான் காட்டுது. இத்தாலியனில் "அவனுக்கு அதை" என்பது லியேலோ மாதிரி ஒலிக்கும். போர்ச்சுகீஸில் லியு மாதிரி ஒரே அசையாகச் சுருங்கியிருக்கு. இரண்டிலும் ல-ய கலப்பு ஒலி இன்றும் கேட்கும். ஸ்பானிஷ் மட்டும் அங்கிருந்து இன்னும் ஒரு படி தள்ளிப் போயிருக்கு.

ஜெ எப்படி செ ஆச்சு

இப்போ இன்னொரு கேள்வி வரணும். ஃபிஜோ இன்றைக்கு இஹோ. முஜேர் இன்றைக்கு முஹேர். அந்தப் பழைய ஜ எல்லா இடத்திலும் தொண்டையில் இருந்து வரும் ஹ ஆகிவிட்டது. அப்படின்னா ஜெலோ இன்றைக்கு ஹெலோ என்று இருக்கணும். ஆனா செ லோ என்று இருக்கு. விதியை மீறியிருக்கு. வரலாற்று மொழியியலில் ஒரு சொல் விதியை மீறினால், பக்கத்தில் யார் இழுத்தார்கள் என்று தேடுவாங்க.

இங்கே இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தது. ஒன்று ஒலி. ஜ நேரடியாக ஹ ஆகலை. நடுவில் ஷ ஆச்சு. 16ஆம் நூற்றாண்டில் ஜெலோவைப் பலரும் ஷெலோ என்றுதான் சொன்னாங்க. 1605ல் வெளிவந்த செர்வாந்தேஸின் நாவலை இன்று ஸ்பானிஷ்காரர்கள் தொன் கிஹோத்தே என்பாங்க, பிரெஞ்சுக்காரர்கள் தோன் கிஷோத் என்பாங்க. பிரெஞ்சில் அந்த பழைய ஷ அப்படியே தங்கிடுச்சு. இதோடு, அன்றைய காஸ்தீலிய ச நாக்கின் நுனியை மேலே தூக்கிச் சொல்லும் ச, கேட்க ஷ பக்கம் சாயும். வட ஸ்பெயினில் இன்னமும் அப்படித்தான். ஆகவே ச, ஷ குழப்பம் சில சொற்களில் நடந்தது. சோப்புக்கான லத்தீன் சொல்லில் ச இருக்கு. பழைய ஸ்பானிஷில் அது ஷபோன், இன்று ஹபோன். ச-வை ஷ என்று எடுத்துக்கொண்டதால் வந்த விளைவு.

ஆனா ஒலி மட்டும் போதாது, ஏன்னா முஹேர் முசேர் ஆகலையே. இரண்டாவது காரணம்தான் இழுத்த கை. ஸ்பானிஷில் ஏற்கனவே வேறு ஒரு செ இருந்தது. "தன்னை", "தனக்கு" என்று பொருள்படும் செ. அது லத்தீன் செ-யின் நேர் வாரிசு. செ லோ கோமியோ என்றால் அதை முழுசா தின்னு தீர்த்தான். அதே இடம், பின்னால் அதே லோ. ஷெலோ என்று கேட்டவர்கள் அதைத் தங்களுக்குத் தெரிந்த செ லோவாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு பொருத்தமும் இருந்தது. "தன்னை" என்ற செ ஒருமை, பன்மை இரண்டுக்கும் ஒன்றே. ஜெலோவும் அதற்குள் "அவனுக்கு அதை", "அவர்களுக்கு அதை" இரண்டுக்கும் பொதுவாகியிருந்தது. உருவமும் நடத்தையும் ஒத்துப்போச்சு. 16ஆம் நூற்றாண்டு போகப்போக ஜெலோ மறைந்து செ லோ நிலைத்துவிட்டது. நம்ம பாஷையில் சொன்னா, இரண்டு வேற வேற வேரியபிளுக்கு ஒரே பேர் வந்துடுச்சு, ஆனா ப்ரோகிராம் ஓடிக்கிட்டே இருக்கு.

செ-க்கு இடம் கிடைத்தபின் அதன் வரிசையும் கறாரானது. செ இருந்தால் அதுதான் முதலில், பிறகு தே, பிறகு மே, கடைசியில் லோ, லா. "என் கையிலிருந்து விழுந்துடுச்சு" என்பது செ மே காயோ. மே செ காயோ என்று சொல்பவர்களும் உண்டு, திருத்தப்படுவாங்க. அதுக்கு ஸ்பானிஷ்காரர்கள் சொல்லும் வழி அழகா இருக்கும்: செமானா என்றால் வாரம், மேஸ் என்றால் மாதம். வாரம் மாதத்துக்கு முன்னால்தானே வரும்? செ-யும் மே-க்கு முன்னால்.

பேர் மோதினால் என்ன ஆகும்

ஓடிக்கிட்டே இருக்கு என்று சொன்னேன். ஆனா ஒரு தகவல் தொலைஞ்சுபோச்சு. செ லோ தி என்று மட்டும் சொன்னால் யாருக்குக் கொடுத்தேன்? அவனுக்கு, அவளுக்கு, மரியாதையாக உங்களுக்கு, அவர்களுக்கு (ஆண்கள்), அவர்களுக்கு (பெண்கள்), பன்மையில் உங்களுக்கு. ஆறில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

இந்த ஓட்டையை அடைக்க மொழியில் ஒரு கருவி தயாராக இருந்தது. அதுதான் இரட்டிப்பு. லே தி எல் லீப்ரோ ஆ மரியா. சொல்லுக்குச் சொல் "அவளுக்குக் கொடுத்தேன் புத்தகத்தை மரியாவுக்கு". லேயும் ஆ மரியாவும் ஒரே ஆள். இடைக்காலத்தில் லே இல்லாமலும் சொல்வாங்க, இன்றைக்கு அது இருப்பதுதான் இயல்பு. அதே முறையில் செ லோ தி ஆ எய்யா என்றால் அவளுக்கு, செ லோ தி ஆ உஸ்தேதெஸ் என்றால் உங்களுக்கு. புதிதாகக் கற்பவர்களுக்கு "ஒரே ஆளை ஏன் இரண்டு தடவை சொல்லணும்" என்று தோணும். செ லோ விஷயத்தில் இரண்டாவது தடவைதான் தகவலே தருது.

லத்தீன் அமெரிக்காவில் மக்கள் இன்னொரு வழியும் கண்டுபிடிச்சிருக்காங்க. "அதை உங்களுக்குச் சொன்னேனே" என்று பலரிடம் சொல்லும்போது, இலக்கணப்படி செ லோ திஹே. சொன்ன விஷயம் ஒன்றுதான், ஆகவே லோ ஒருமை. ஆனா மெக்சிகோவிலும் இன்னும் பல நாடுகளிலும் செ லோஸ் திஹே என்பாங்க. அந்த ஸ் பன்மைக்கான அடையாளம். விஷயங்கள் பல என்று அர்த்தம் இல்லை, கேட்டவர்கள் பலர் என்று அர்த்தம். செ-யில் பன்மையைக் காட்ட வழியில்லாததால், அந்த ஸ் பக்கத்தில் இருந்த லோவில் போய் ஒட்டிக்கொண்டது. படித்தவர்கள் பேச்சிலும் இது சாதாரணமா வரும். கவனமான பேச்சில் தவிர்க்கச் சொல்வது ஸ்பானிய அரச மொழிக் கழகத்தின் நிலைப்பாடு. கணக்குப்படி பார்த்தால் கழகம் சொல்வது சரிதான், லோ என்பது "எதை" என்ற சொல், அதில் "யாருக்கு" என்பதன் பன்மையை ஏற்றக்கூடாது.

ஆனா 16ஆம் நூற்றாண்டில் ஷெலோவை செ லோ என்று கேட்டவர்களும் கணக்குப்படி தப்புதான் செய்தாங்க. இன்றைக்கு அதுதான் விதி. அடுத்த முறை மெக்சிகோக்காரர் யாராவது செ லோஸ் திஹே என்று சொன்னால், தப்பு என்று ஒதுக்கறதுக்கு முன்னாடி அந்த ஸ் யாருடையது என்று ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.