புதிய சந்தாதாரர் நிலைப்படுத்தல்

புதிய சந்தாதாரர் நிலைப்படுத்தல் என்பது, ஒரு சேவைக்குப் புதிதாகச் சந்தா செலுத்தியவர் அச்சேவையைத் தமது அன்றாட வழக்கமாக ஆக்கிக்கொள்ளும் வகையில், சேர்ந்த நாள் முதல் சில வாரங்களுக்கு எடுக்கப்படும் நடவடிக்கைகளைக் குறிக்கும். மென்பொருள் துறையில் இது ஆன்போர்டிங் என வழங்கப்படுகிறது. இதன் நோக்கம் விற்பனை அன்று. விற்பனை ஏற்கெனவே முடிந்துவிட்டது. பணம் கட்டியவர் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் இருப்பாரா என்பதே இங்குள்ள கேள்வி.

தொலைபேசி, காப்பீடு, திரைப்பட ஓடைச் சேவை எனப் பல துறைகளில் இது உண்டு. இக்கட்டுரை நாளிதழ்களின் இணையச் சந்தாவை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. நியூயார்க் டைம்ஸ் 2011 மார்ச்சில் கட்டணச் சுவரை எழுப்பிய பின்னர் அமெரிக்க நாளிதழ்கள் பலவும் அவ்வழியில் சென்றன. விளம்பர வருவாய் குறைந்துவந்த நிலையில், சந்தாதாரர் எவ்வளவு காலம் நிலைக்கிறார் என்பது செய்தி அறையில் எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியும் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணாக மாறியது.

விலகல் வீதமும் தக்கவைப்பும்

ஒரு மாதத்தின் தொடக்கத்தில் இருந்த சந்தாதாரர்களில் எத்தனை விழுக்காட்டினர் அம்மாதத்தில் வெளியேறினர் என்பது விலகல் வீதம் எனப்படும். மாதம் 1,000 பேரைப் புதிதாகச் சேர்க்கும் ஓர் இதழின் விலகல் வீதம் 5 விழுக்காடு எனக் கொள்வோம். அதன் சந்தாதாரர் எண்ணிக்கை 20,000 வரை உயர்ந்து அங்கேயே நின்றுவிடும். ஏனெனில் 20,000இல் 5 விழுக்காடு 1,000. வருபவரும் போகிறவரும் சமமாகிவிடுகின்றனர். ஓட்டை உள்ள தொட்டியில் நீர் ஒரு மட்டத்தில் நிற்பதைப் போன்றது இது.

விலகல் வீதத்தை 4 விழுக்காடாகக் குறைத்தால் அம்மட்டம் 25,000 ஆகிறது. விலகலைக் குறைக்காமல் அதே 25,000ஐ எட்டவேண்டுமானால் மாதம் 1,000 பேருக்குப் பதிலாக 1,250 பேரைச் சேர்க்கவேண்டும். அதையும் ஒரு முறை அல்ல, ஒவ்வொரு மாதமும் செய்யவேண்டும். எளிதில் கிடைக்கக்கூடிய வாசகர்கள் முதலில் சேர்ந்துவிடுவதால், கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் ஆகும் விளம்பரச் செலவு பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும். தக்கவைப்பு பல வேளைகளில் புதிய சேர்க்கையை வெல்வதற்கு இதுவே காரணம்.

இக்கருத்தைப் பரவலாக்கியது பிரெடெரிக் ரைக்கெல்டும் ஏர்ல் சாசரும் 1990இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையாகும். விலகலை 5 விழுக்காடு குறைத்தால் இலாபம் 25 முதல் 85 விழுக்காடு வரை உயரும் என்ற புகழ்பெற்ற கூற்று அங்கிருந்து வந்தது. அது அக்காலத்துச் சில சேவைத் தொழில்களை வைத்துக் கணிக்கப்பட்டது. அதை எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் விதிபோல் மேற்கோள் காட்டுவது சரியன்று. தொழிலுக்குத் தொழில் கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்க்கவேண்டும்.

முதல் வாரங்களின் கணக்கு

மேலுள்ள கணக்கில் எல்லா மாதமும் ஒரே வீதத்தில் விலகல் நடப்பதாகக் கொள்ளப்பட்டது. உண்மையில் அவ்வாறு நிகழ்வதில்லை. சேர்ந்த தொடக்க மாதங்களில் விலகல் மிகுதியாகவும், பிறகு படிப்படியாகக் குறைந்தும் இருப்பதே வழக்கம்.

கற்பனையான ஒரு நகர நாளிதழில் ஒரே மாதத்தில் 1,000 பேர் சேர்ந்தனர் என்க. முதல் மாதத்தில் 20 விழுக்காட்டினரும், இரண்டாம் மாதத்தில் எஞ்சியோரில் 12 விழுக்காட்டினரும், மூன்றாம் மாதத்தில் 8 விழுக்காட்டினரும், அதன்பின் மாதத்திற்கு 3 விழுக்காட்டினரும் விலகினால், மூன்று மாத முடிவில் 648 பேரும் ஓராண்டு முடிவில் 492 பேரும் மிஞ்சுவர். முதல் மூன்று மாத விலகலை மட்டும் முறையே 14, 9, 6 விழுக்காடாகக் குறைத்தால், மற்ற மாதங்களில் எதையும் மாற்றாமலேயே, ஓராண்டு முடிவில் 559 பேர் இருப்பர். பழைய விலகல் வீதங்களிலேயே 559 பேரைப் பெற 1,136 பேரைச் சேர்த்திருக்கவேண்டும். ஒருவரைச் சேர்க்க 60 டாலர் செலவாகும் என்றால், கூடுதலான 136 பேருக்கு 8,160 டாலர் ஆகும். ஆகவே புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் நிலைப்படுத்த ஏறத்தாழ 8 டாலர் வரை செலவிட்டாலும் இதழுக்கு நட்டமில்லை.

இந்த 8 டாலர் ஓர் உச்ச வரம்பு என்பதைக் கவனிக்கவேண்டும். காலம் செல்லச் செல்ல விலகல் குறைவதைக் கண்டு, சந்தாதாரருக்குப் பற்று வளர்ந்துவிட்டது என எண்ணத் தோன்றும். பீட்டர் பேடர், புரூஸ் ஹார்டி ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எந்த ஒரு தனிமனிதரின் மனமும் மாறாமலேயே இவ்வீழ்ச்சி தோன்றலாம் எனக் காட்டியது. ஆர்வம் குறைந்தோர் முதலில் வெளியேறிவிடுவதால், எஞ்சியிருப்போரின் சராசரி தானாகவே உயர்ந்துவிடுகிறது. எனவே முதல் மாதத்தில் முயன்று தடுத்து நிறுத்தப்பட்டவர், பின்னர் பழைய சந்தாதாரரைப் போல 3 விழுக்காடு வீதத்தில்தான் விலகுவார் என்று உறுதி கூற இயலாது. அவர் அதைவிட விரைவாகப் போகக்கூடும்.

நிலைப்பவரை எதனால் அறிவது

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், சிகாகோ டிரிபியூன், இண்டியானாபொலிஸ் ஸ்டார், சான் பிரான்சிஸ்கோ குரோனிக்கிள் ஆகிய மூன்று இதழ்களின் வாசகர் தரவுகளை ஆராய்ந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டது. சந்தாதாரர் தொடர்வாரா என்பதை மிக நன்றாக முன்னறிவித்தது, அவர் மாதத்தில் எத்தனை நாட்கள் இதழுக்கு வந்தார் என்பதே. எத்தனை கட்டுரைகளைப் படித்தார், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் செலவிட்டார் என்பவற்றுக்கு அந்த வலு இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து இருபது கட்டுரைகளைப் படிப்பவரைவிட, நாள்தோறும் காலையில் ஒன்றைப் படித்துவிட்டுப் போகிறவர் நிலைக்கும் வாய்ப்பு மிகுதி எனலாம்.

வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதழும் சந்தாவின் முதல் 100 நாட்களில் வாசகர் செய்யும் செயல்களையும் பின்னர் அவர் நிலைப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தது. செயலியை நிறுவுதல், செய்திமடலுக்குப் பதிதல் போன்றவற்றோடு, புதிர் விடுவித்தலும் எதிர்பாராத அளவுக்குத் தக்கவைப்போடு தொடர்புற்றிருந்தது. செய்தி இல்லாத நாளிலும் புதிர் உண்டு என்பது இதற்கு ஒரு காரணமாகலாம்.

நடைமுறை

முதல் வேலை, பணம் கட்டிய அதே அமர்வில் தொடங்குகிறது. கணினியில் சந்தா செலுத்தியவர் மறுநாள் கைப்பேசியில் ஒரு கட்டுரையைத் திறக்கிறார். அங்கே அவர் புகுபதிகை செய்யாததால் கட்டணச் சுவர் மீண்டும் எழுந்து பணம் கேட்கிறது. காசு கொடுத்தும் கதவு திறக்கவில்லை என்ற இந்த எரிச்சல் மிகச் சாதாரணமாக நிகழும் பிழையாகும். கணக்கை உருவாக்கிய உடனேயே செயலியை நிறுவச் செய்து, கைப்பேசிக்கு ஒரு புகுபதிகை இணைப்பை அனுப்புவது இதனைத் தவிர்க்கும்.

அடுத்த இரண்டு மூன்று நாட்களில் வரவேற்பு மின்னஞ்சல் செல்கிறது. இதில் சேவையின் எல்லா வசதிகளையும் பட்டியலிடுவது பொதுவான தவறு. ஒரு மின்னஞ்சல் ஒரே ஒரு செயலைக் கேட்பது நன்று. நாளிதழுக்கு அது பெரும்பாலும் காலைச் செய்திமடலைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதாக இருக்கும். செய்திமடல் தாமாக வந்து நினைவூட்டுவதால், வாசகர் இதழை நினைவில் வைத்திருக்கவேண்டிய தேவை குறைகிறது. அவர் எந்தக் கட்டுரையைப் படிக்கச் சந்தா செலுத்தினாரோ அத்துறையின் செய்திமடலையே முதலில் முன்வைப்பது பொருத்தமானது. பள்ளி வாரியச் செய்திக்காக வந்தவருக்கு விளையாட்டு மடலை அனுப்பினால் அவர் அதைத் திறக்கமாட்டார்.

ஏழாம் நாளில் அவர் எத்தனை நாட்கள் வந்தார் என்று பார்க்கப்படுகிறது. ஒரு நாளும் வராதவருக்கே கவனம் தேவை; நாள்தோறும் வருகிறவருக்கு அறிமுக மின்னஞ்சல்களை நிறுத்திவிடலாம். இரண்டு வாரம் கடந்தும் வராதவரிடம் தொலைபேசியிலோ தனி மின்னஞ்சலிலோ, நுழைய முடிகிறதா என்று கேட்பது பயன் தரும். அறிமுகச் சலுகை விலை முடியும் நாள் மற்றொரு செங்குத்தான சரிவு. அதற்கு முன்பே புதிய விலையைத் தெரிவித்துவிடுவதால் சிலர் விலகுவர். தெரிவிக்காமல் விட்டால் அட்டைக் கணக்கைப் பார்த்த கோபத்தில் விலகுவர், திரும்பியும் வரமாட்டார்கள்.

விரும்பாமலே விலகுவோரும் உண்டு. கடன் அட்டை காலாவதியாகிப் பணம் எடுக்கப்படாமல் போவது இவ்வகையாகும். இந்தியாவில் 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தொடர் கட்டணங்களுக்கு முன்பதிவு செய்த ஒப்புதலும், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன் அறிவிப்பும் தேவையாயின. அவ்வாறு பதிவு செய்யப்படாத பழைய தொடர் கட்டணங்கள் நின்றுபோயின. இத்தகைய விலகலுக்கு வரவேற்பு மின்னஞ்சல் மருந்தன்று. ஆகவே கணக்கில் இதனைத் தனியே பிரித்து எழுதவேண்டும்.

அளவிடுவதில் நேரும் பிழைகள்

செய்திமடல் பெறுவோர் அதிகம் நிலைக்கின்றனர் என்பதால், செய்திமடலே அவர்களை நிலைக்கச் செய்தது என்று ஆகிவிடாது. ஆர்வமுள்ளவர்களே செய்திமடலுக்குப் பதிந்திருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள, புதிதாகச் சேர்வோரில் பத்தில் ஒருவரைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்து, அவர்களுக்கு வரவேற்புத் தொடரை அனுப்பாமல் விட்டு, மூன்று மாதம் கழித்து இரு பிரிவினரையும் ஒப்பிடவேண்டும். மின்னஞ்சல்கள் எத்தனை முறை திறக்கப்பட்டன என்பது இதற்கு ஈடாகாது.

மொத்த விலகல் வீதமும் ஏமாற்றக்கூடியது. பெரிய விளம்பரம் ஒன்றால் பலர் சேர்ந்த மாதத்திற்குப் பின், புதியவர் மிகுந்திருப்பதால் வீதம் உயரும். விளம்பரத்தை நிறுத்திவிட்டால், சேவையில் எந்த முன்னேற்றமும் இன்றி வீதம் தாழும். ஆதலால் ஒரே மாதத்தில் சேர்ந்தோரை ஒரு தொகுதியாகக் கொண்டு, தொகுதிகளை அதே வயதில் ஒப்பிடுவதே முறை.

வரம்புகளும் மாற்றுக் கருத்தும்

தக்கவைப்பே எப்போதும் மேல் என்பதை ஏற்காதோரும் உள்ளனர். பைரன் சார்ப் 2010இல் வெளியிட்ட தமது நூலில், ஆண்ட்ரூ எரன்பெர்க்கின் ஆய்வுகளைப் பின்பற்றி, வணிகப் பெயர்கள் வளர்வது பெரும்பாலும் புதிய வாங்குவோரைச் சேர்ப்பதாலேயே என்று வாதிட்டார். சிறிய வணிகப் பெயர்களுக்கு வாங்குவோரும் குறைவு, அவர்களது பற்றும் சற்றுக் குறைவு என்பது அவரது சான்றுகளுள் ஒன்று. விலகலைப் பூச்சியத்திற்குக் கீழே கொண்டுசெல்ல முடியாது. வாசகர் ஊர் மாறுவர், மூப்படைவர், இறப்பர். ஐந்நூறு சந்தாதாரர் மட்டுமே உள்ள புதிய இதழில் விலகலைப் பாதியாக்கினாலும் வருவாய் பெரிதாக மாறாது. அங்கே புதிய சேர்க்கையே முதல் தேவையாகும்.

விலகும் வழியை மறைத்து வைத்தும் வீதத்தைக் குறைக்கலாம். இணையத்தில் சேர்ந்தவரைத் தொலைபேசியில் அழைத்தே விலகவேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது பல இதழ்களின் வழக்கமாக இருந்தது. இணையத்தில் சேர்ந்தவர் இணையத்திலேயே விலக வழி இருக்கவேண்டும் எனக் கலிபோர்னியா மாநிலச் சட்டம் 2018 ஜூலை முதல் கோருகிறது. இந்தியாவில் 2023 நவம்பரில் வெளியான நுகர்வோர் வழிகாட்டுதல்கள், சந்தாப் பொறியை நேர்மையற்ற வணிக உத்திகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டுள்ளன. இவ்வாறு பிடித்து வைக்கப்பட்டவரும் விலகல் வீதக் கணக்கில் நிலைத்தவராகவே தோன்றுவார். அவர் இதழுக்கு வந்த நாட்களின் எண்ணிக்கை மட்டும் பூச்சியமாக இருக்கும்.