ஆறரை டிகிரிக் கணக்கு: பீன்யாவிலிருந்து நந்தி மலைக்கு

பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடிந்து, விடியலைப் பார்க்க நந்தி மலைக்கு வண்டியைக் கிளப்பும் இளைஞர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி. பீன்யா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர். நந்தி உச்சி 1478 மீட்டர். இடைப்பட்ட 558 மீட்டருக்கு 3.6 டிகிரி. கீழே 15 என்றால் மேலே 11.4. ஸ்வெட்டர் போதுமா, குல்லாயும் வேண்டுமா என்பது இதைக்கொண்டு முடிவாகிறது. இந்த ஆறரை எங்கிருந்து வந்தது, மலையைப் பற்றிச் சொல்லும் தகுதி அதற்கு உண்டா என்பதே என் கேள்வி.

எண்ணின் இன்றைய வடிவத்துக்குக் காரணமானவர் பிரான்சின் சான் சீர் காற்றியக்க ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் துசேன். முதல் உலகப் போர் முடிந்த கையோடு அவர் முன்வைத்த சூத்திரம் T = 15 − 0.0065 z. கடல்மட்டத்தில் 15 டிகிரி. அங்கிருந்து மீட்டருக்கு 0.0065 வீதம் ஒரே நேர்கோடாக இறக்கம். பத்தாயிரம் மீட்டரில் −50. 1924இல் பன்னாட்டு வான்வழி ஆணையம் இதை ஏற்றது. 1952இல் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் தர வளிமண்டலத்திலும் இதே சரிவு நிலைபெற்றது. அங்கிருந்து பாடநூல்களுக்குள் அது பரவியது படிப்படியாக நடந்த வேலை. அதற்கு ஒரு தேதி குறிப்பது வீண்.

துசேனை இயற்கை விதி கண்டவராக வாசிப்பதுதான் தவறு. அவர் தேடியது வேறு. வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஊரில் பறந்த விமானங்களின் திறனை ஒப்பிட எல்லோருக்கும் பொதுவான ஒரு காற்று தேவைப்பட்டது. சராசரிகளுக்கு ஓரளவு நெருங்கியிருக்க வேண்டும், கையாள எளிதாக இருக்க வேண்டும், வெப்பநிலைக்காகச் செய்யும் திருத்தங்கள் சிறியவையாக இருக்க வேண்டும்: அவர் வைத்த நிபந்தனை அவ்வளவே. இது படிக்கல் போல ஒரு ஒப்பந்தம். படிக்கல்லைக் கொண்டு அரிசியை எடைபோடலாம். அந்த ஆண்டு விளைச்சல் எவ்வளவு என்று அதனிடம் கேட்க முடியாது.

சூத்திரத்தை முழுதாகப் பீன்யாவில் பொருத்திப் பார்த்தால் இது விளங்கும். 920 மீட்டருக்கு 15 − 5.98, அதாவது 9 டிகிரி. பெங்களூரு வரலாற்றில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1884 ஜனவரி 13 அன்றைய 7.8 டிகிரி. துசேனின் காற்று, இந்த ஊரின் அபூர்வமான குளிரையே அதன் அன்றாட நிலை என்கிறது. அந்த 15 நம் வெயிலுக்குரிய எண் அல்ல என்று எல்லோரும் அதைத் தயங்காமல் கைவிடுகிறோம். ஆனால் அதே ஐரோப்பிய, அமெரிக்க வானத்தின் சராசரிகளை ஒட்டி அமைந்த சரிவை மட்டும் அப்படியே வைத்துக்கொள்கிறோம். பாதியை விட்டுப் பாதியைப் பிடித்துக்கொள்வதற்கு என்ன நியாயம்?

நியாயம் இருப்பதுபோலத் தோன்ற ஒரு காரணம் உண்டு. மேலெழும் காற்று அழுத்தம் குறைந்து விரிகிறது. விரிவதற்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே செலவழிக்கிறது. நீராவி குளிர்ந்து நீர்த்துளியாகாதவரை இந்த இழப்பு ஆயிரம் மீட்டருக்கு 9.8 டிகிரி. மேகம் கட்டத் தொடங்கியதும், துளியாகும் நீராவி விடும் வெப்பம் இழப்பில் பாதியை ஈடுகட்டிவிடுகிறது. நம் பக்கத்து வெதுவெதுப்பான காற்றில் வீதம் நாலரை அளவுக்கு வந்துவிடும். ஜூல் சொன்ன யோசனையின்மேல் இந்தக் கணக்கை 1862இல் விரித்தவர் பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன்.

இனி ஜூலை மாதக் காலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பீன்யாவில் 21 டிகிரி, பனிநிலை 19.5. இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர் வீதம், சுமார் 190 மீட்டர் உயரத்தில் மேகத்தின் அடி இருக்கும். அதுவரை 1.9 டிகிரி இறக்கம். மிச்சமுள்ள 370 மீட்டர் மேகத்துக்குள், அங்கே 1.7. மொத்தம் 3.6. ஆறரைக் கணக்கும் இதையே சொல்கிறது! இரண்டு வேறு வீதங்கள் கலந்து தற்செயலாக அமைந்த பொருத்தம் இது. வறண்ட மார்ச் பிற்பகலில் மேகம் மலைக்கு வெகு மேலே நிற்கும். அப்போது இறக்கம் 5.5 டிகிரியை நெருங்கும், ஆறரைக் கணக்கு இரண்டு டிகிரி குறைத்துச் சொல்லும்.

ஜனவரி விடியலில் கணக்கு மறுபக்கம் பிசகுகிறது. தெளிந்த, காற்றசையாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்கிறது. தரையைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்துத் தாழ்வான இடங்களில் தேங்குகிறது. அதன்மேல் வெதுவெதுப்பான அடுக்கு மூடிபோல நிற்கும். நந்தி உச்சியில் நின்று காலடியில் வெண்கடல்போலக் கிடக்கும் மூடுபனியைப் பார்த்திருப்பவர்கள், பல நாள் இந்தக் குளிர்ந்த குளத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். அத்தகைய காலையில் உச்சி, அடிவார வயலைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. உதகையிலும் உறைபனி முதலில் வெளுப்பது தலைக்குந்தா போன்ற தாழ்வான பகுதிகளில்தான்.

உயரத்தோடு வெப்பநிலை மாறுவதற்குப் பழைய தமிழ்நாட்டுச் சான்று என்றால் தொட்டபெட்டாவைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் பல உயரங்களில் எடுத்த வானிலைப் பதிவுகளை ஆராய்ந்து கர்னல் சைக்ஸ் 1850இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அச்சிகரத்தின் உயரம் இருக்கிறது: 8640 அடி. மீட்டரில் 2633, இன்று சொல்லப்படுவது 2637. நான்கு மீட்டர் வேறுபாட்டை வெப்பநிலையாக்கினால் 0.03 டிகிரிகூட இல்லை. பாரமானியால் உயரம் காணும்போது இடைப்பட்ட காற்றின் வெப்பநிலையை ஊகித்தாக வேண்டும். அந்த ஊகம் மூன்று டிகிரி பிசகினால் உயரம் நூற்றுக்கு ஒரு பங்கு பிசகும். அந்தப் பிசகுகூட வீதத்தைப் பெரிதாக அசைக்காது. ஆகவே, பழைய பதிவுகளை உயரத்தைக் காட்டிச் சந்தேகிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சந்தேகிக்க வேண்டியது நேரத்தை.

நேரத்தின் முக்கியத்துவத்தை உணர்ந்து செயல்பட்டவர் ஆல்ப்ஸ் ஆய்வாளர் சொசூர். 1788 ஜூலையில், ஆல்ப்ஸ் மலையின் கோல் து ஜெயான் கணவாயில் சுமார் 3360 மீட்டர் உயரத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கி அவர் அளந்தபோது, கீழே ஷமோனியிலும் ஜெனிவாவிலும் அதே காலத்தில் அளக்க ஏற்பாடு செய்திருந்தார். பீன்யாவில் நாலு மணிக்குத் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, உச்சியில் ஆறரை மணிக்கு மறுபடி பார்ப்பவர் இதைத்தான் தவறவிடுகிறார். இடையில் ஊரெங்கும் ஒரு டிகிரி குறைந்திருந்தால் அதுவும் உயரத்தின் கணக்கில் விழும். ஆயிரம் மீட்டருக்கு 1.8 டிகிரி பொய்யாகக் கூடிவிடும்.

பீன்யாவை அடியாக வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. கான்கிரீட்டும் தகரக் கொட்டகைகளும் பகல் சூட்டை இரவிலும் விட்டுக்கொண்டிருக்கும். கிட்டத்தட்ட இதே உயரமுள்ள சிக்கபள்ளாப்பூர் வயல்வெளி 12 டிகிரிக்கு இறங்கும் இரவில் பீன்யா 15இல் நிற்கலாம். பீன்யாவிலிருந்து கணக்கிட்டால் நந்திக்கு 11.4, வயலிலிருந்து கணக்கிட்டால் 8.4. உண்மை 12ஆகவும் இருக்கக்கூடும். உச்சியில் உடம்பு நடுங்குவது இந்த எண்களில் எதையும் மெய்ப்பிக்காது. அங்கே காற்று வீசுகிறது, தோலின் வெப்பத்தை அது பறித்துப் போகிறது.

எந்த வீதத்தை எடுப்பது என்று கிளம்பும்முன் தெரிந்துகொள்ள ஒரு வழி, தொழிற்பேட்டைப் புகைபோக்கிகளைப் பார்ப்பது. புகை கொஞ்சம் எழும்பி, எதிலோ முட்டியதுபோலப் படுக்கையாக நீண்டால் மூடி விழுந்திருக்கிறது. அன்று ஆறரையைத் தொட வேண்டாம். கீழே உள்ளதிலிருந்து இரண்டு டிகிரிக்கு மேல் கழிக்காதீர்கள், காற்றுக்காகக் குல்லாய் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிப் புகை சுருண்டு மேலே போகத் தொடங்கிவிட்டால், வறண்ட நாளில் 9.8 பொருந்தும்.