அறப்போராட்டங்களும் ஆட்சி வீழ்ச்சியும்

ஆயுதம் ஏந்தாத மக்கள் போராட்டங்கள், ஆயுதக் கிளர்ச்சிகளைவிட அதிக அளவில் ஆட்சிகளை வீழ்த்தியுள்ளன. இதை எண்ணிக்கையில் நிறுவியவர்கள் அமெரிக்க ஆய்வாளர்கள் எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் ஆகியோர். 1900 முதல் 2006 வரையிலான 323 போராட்டங்களை ஆராய்ந்து 2011-இல் அவர்கள் வெளியிட்ட நூலின்படி, அறப்போராட்டங்களில் ஏறத்தாழ பாதி வென்றன. ஆயுதப் போராட்டங்களில் நான்கில் ஒன்றுதான் வென்றது.

இரண்டு வழிகளும் ஒரே ஆட்சியாளருக்கு எதிராக முயலப்பட்ட நாடு பிலிப்பைன்ஸ். பெர்டினாண்டு மார்கோசுக்கு எதிராக 1969-இல் புதிய மக்கள் படை என்ற கம்யூனிஸ்டு கெரில்லா அமைப்பு தோன்றியது. 1972-இல் அவர் இராணுவச் சட்டம் கொண்டுவந்தபின் அது வளர்ந்தது. ஆனால் ஆட்சியைக் கைப்பற்றும் நிலையை எட்டவே இல்லை. மாறாக, ஒடுக்குமுறைக்கு அவர் காட்டிய காரணங்களில் ஒன்றாகவே அது ஆனது.

1983-இல் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதுவரை ஒதுங்கியிருந்த வணிகர்களும் நடுத்தர வர்க்கத்தினரும் தெருவுக்கு வந்தனர். 1986 பிப்ரவரித் தேர்தலில் அவருடைய மனைவி கோரசோன் போட்டியிட்டார். வாக்கு எண்ணிக்கையில் மோசடி நடப்பதாகச் சொல்லி, கணினிப் பணியாளர்கள் சிலர் வேலையை விட்டு வெளியேறினர். பிப்ரவரி 22 அன்று பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் இராணுவத் துணைத்தலைவர் ராமோசும் மார்கோசைக் கைவிட்டு முகாமுக்குள் அடைந்துகொண்டனர். அவர்களைக் காக்க வருமாறு கர்தினால் சின் வானொலியில் அழைத்ததும், மணிலாவின் எட்சா சாலை மக்களால் நிரம்பியது. ஜெபமாலையுடன் கன்னியாஸ்திரீகள் மண்டியிட்டிருந்த கூட்டத்தின்மீது டாங்கிகளை ஏற்றப் படையினர் துணியவில்லை. பிப்ரவரி 25 இரவு மார்கோஸ் நாட்டை விட்டு வெளியேறினார்.

இதைத் தூய அறப்போராட்டம் என்பது சற்று மிகை. என்ரிலேயின் ஆதரவாளர்கள் முதலில் திட்டமிட்டது இராணுவக் கவிழ்ப்பு. அது முன்கூட்டியே வெளியே தெரிந்துவிட்டது. அமெரிக்காவும் கடைசியில் மார்கோசைக் கைவிட்டது.

ஆயினும் அறப்போராட்டங்கள் வெல்வதற்கு ஆய்வாளர்கள் கூறும் காரணங்கள் இங்கே தெளிவாகத் தெரிகின்றன. ஆட்சி நிற்பது அதற்குப் பணிபவர்களால்தான் என்று 1973-இலேயே எழுதினார் ஜீன் ஷார்ப். காட்டுக்குப் போய்த் துப்பாக்கி ஏந்த இளைஞர்கள் சிலரால்தான் முடியும். ஊர்வலத்திலும் வேலைநிறுத்தத்திலும் பாட்டிகூடக் கலந்துகொள்ளலாம். கூட்டம் பெருகப் பெருக, அதில் சிப்பாயின் உறவினரும் அண்டை வீட்டாரும் இருப்பார்கள். தன்னைச் சுட வருபவனைச் சுடச் சிப்பாய்க்குத் தயக்கமில்லை. வெறுங்கையோடு நிற்பவரைச் சுடுவது கடினம். சுட்டாலும், அந்தச் சாவு புதிய ஆட்களைப் போராட்டத்துக்குக் கொண்டுவரும். அக்கினோ கொலையில் நடந்தது இதுவே.

படையினருக்கும் மக்களுக்கும் இடையே இந்தப் பிணைப்பு இல்லாத இடத்தில் கூட்டம் பெரிதாயிருந்தும் பயனில்லை. 2011-இல் பஹ்ரைனில் மக்கள்தொகையில் கணிசமான பகுதி தெருவில் இறங்கியது. ஆர்ப்பாட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஷியாக்கள். பாதுகாப்புப் படையினரோ பெரும்பாலும் சன்னிகள், பலர் வெளிநாட்டிலிருந்து சேர்க்கப்பட்டவர்கள். படை பிளவுபடவில்லை. மார்ச்சில் சவூதிப் படையும் வந்து சேர, போராட்டம் நசுக்கப்பட்டது.