ஓலை, கைத்தாள், தோல்: படத்தில் இனங்காணல்

கல்முனையை உள்ளிட்ட கிழக்கிலங்கையில் வைத்திய ஏடுகள் ஓலையிலும், அரபுத்தமிழ் நூல்கள் பெரும்பாலும் தாளிலும் எழுதப்பட்டன.

ஓலை ஒடுங்கி நீண்டது. நரம்புகள் நீளவாக்கில் ஓடும். கயிறு கோக்கத் துளை இருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் எழுத்தாணி கீறிய பள்ளத்தில் கரி படிந்திருப்பது தெரியும்.

கைத்தாளில் மை மேற்பரப்பில் ஓடும். பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் சல்லடை விட்ட நெருக்கமான கோடுகளும், ஐரோப்பியத் தாளானால் பெரும்பாலும் நீர்க்குறியும் தெரியும். முன்வெளிச்சப் படத்தில் இவை மறைந்துவிடும்.

தோலில் சல்லடைக் கோடுகள் இரா. மயிர்க்கால் புள்ளிகள் தெரியலாம். ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் வெளுத்தும் இருக்கும். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் குர்ஆன் ஏடுகள் இவ்வகையின. அத்தோலின் காலம் கி.பி. 568–645 எனக் கணிக்கப்பட்டது.

பசை பூசி மெருகிட்ட தாளும் தோல்போல மினுங்கும். கிழிந்த ஓரத்தில் நார் பிரிந்திருந்தால் அது தாள்.